ரெப்ளிகா என்றால் 'காப்புநகல்' இல்லை

பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாகச் சேர்க்கும் செஃப் என்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ரெப்ளிகாவைக் 'காப்புநகல்' என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியவில்லை. ஊபி பக்கம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு மூன்று சர்வர் வைத்து செஃப் அமைத்த தம்பி ஒருவர், "அதான் மூணு காப்புநகல் இருக்கேண்ணே, தனியா பேக்கப் எதுக்கு?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, சொல்லை நம்பிக் கேட்டிருக்கிறார்.

சொல்லின் வேர் லத்தீன். 'திரும்ப மடிப்பது' என்று பொருள், இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அது போதும், விஷயத்துக்கு வருவோம்.

செஃப் ஒரு மெய்நிகர் கணினியின் வட்டை 4 மெபிபைட் துண்டுகளாக வெட்டிப் பல வட்டுகளில் பரப்பி வைக்கிறது. `size` 3 என்றால் ஒவ்வொரு துண்டும் மூன்று வெவ்வேறு சர்வர்களில் இருக்கும், அந்த மூன்றும்தான் ரெப்ளிகா. உள்ளே ஓடும் கணினி எதையாவது எழுதினால் அது முதலில் அந்தத் துண்டுக்குப் பொறுப்பான வட்டுக்குப் போகும், அது மற்ற இரண்டுக்கும் அனுப்பும், மூன்றும் எழுதியாயிற்று என்ற பிறகுதான் 'சரி' என்று பதில் வரும். அதாவது மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே நிலையில் இருக்கும். உள்ளே யாராவது ஒரு தரவுத்தளத்தை அழித்தாலும் ரான்சம்வேர் புகுந்து பூட்டினாலும் மூன்றிலும் அப்போதே அதுதான் நடக்கும். நேற்றைய நிலை எந்த வட்டிலும் கிடைக்காது. இது காப்பது வட்டும் சர்வரும் சாகும்போது மட்டும். கைத்தவறுக்கு வேறு இடத்தில் எடுத்து வைத்த பேக்கப்தான் வேண்டும், காப்புநகல் என்ற சொல்லை அதற்கு விட்டுவிடுங்கள்.

சரி, 'காப்பு' வேண்டாம், வெறும் 'நகல்' போதுமே என்பார்கள். அதிலும் எனக்குச் சம்மதமில்லை, அரபுச் சொல் என்பதற்காக அல்ல. நகல் என்றாலே எங்கோ ஓர் அசல் இருக்கிறது என்று பொருள். அடையாள அட்டையின் நகலைக் கொடுத்தால் அசல் நம் பையில் இருக்கும். செஃபில் அப்படி அசல் கிடையாது. பொறுப்பு வட்டு என்று ஒன்று இருந்தாலும் அது வேலைப் பங்கீடுதான், அது செத்தால் அடுத்தது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அதனால் 'இணைப்படி' என்கிறேன். படி என்றால் மாடிப்படி என்று நினைத்துவிடுவார்களாம். கையெழுத்துப்படி என்றால் யாரும் ஏறிப் பார்க்கவில்லையே! மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், பொருள் வேலை செய்வதைப் பார்ப்பதில்லை. சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினியான கெஸ்டை 'விருந்தினர்' என்று எழுதுகிற கூட்டத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

தம்பியின் அமைப்புக்கே வருகிறேன். மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 2 டெராபைட் எஸ்எஸ்டி இரண்டு. மொத்தம் 12, மூன்று இணைப்படி போக 4 என்று கணக்குப் போட்டு 3 டெராபைட் வரை நிரப்பிவிட்டார். மூன்றே சர்வர் என்பதால் ஒவ்வொரு சர்வரிலும் முழுத் தரவும் இருக்கிறது, வட்டுக்கு ஒன்றரை. இப்போது ஒரு வட்டு செத்தால் என்ன ஆகும்? வழக்கமான அமைப்பில் 10 நிமிடம் பொறுத்துவிட்டு, அதில் இருந்ததை அதே சர்வரின் மற்ற வட்டில் திரும்பக் கட்டத் தொடங்கும், ஏனென்றால் மற்ற இரண்டு சர்வர்களில் ஏற்கெனவே ஒவ்வொரு படி இருக்கிறது. 3 டெராபைட் 2 டெராபைட் வட்டில் எப்படி அடங்கும்? 90 சதவீதத்தில் கட்டுவது நின்று `backfill_toofull` என்று வரும். யாரும் கவனிக்காமல் எழுதிக்கொண்டே போய் 95-ஐத் தொட்டால் எல்லா மெய்நிகர் கணினிகளிலும் எழுதுவது நின்றுவிடும். 85-இல் எச்சரிக்கை வரும், அதற்குள் இருக்க வேண்டுமானால் இந்த அமைப்பில் 1.7 டெராபைட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. வட்டு வாரியாகப் பார்க்க இது போதும்:

```
ceph osd df tree
```

ஒரு சர்வர் முழுதாகப் போனால் கதை வேறு. நான்காவது சர்வர் இல்லாததால் மூன்றாவது படியைக் கட்ட இடமே இல்லை, இரண்டு படியோடு ஓடும். எழுதக் குறைந்தது எத்தனை படி வேண்டும் என்று சொல்லும் `min_size` 2 என்பதால் பாதகமில்லை. இன்னொன்றும் போனால் எல்லாம் நிற்கும், நிற்பதுதான் நல்லது. இங்கேதான் சிலர் அவசரப்பட்டு `min_size` 1 ஆக்கி, ஒற்றைப் படியில் எழுதவிட்டு, அந்த வட்டும் போனதும் தலையில் கை வைக்கிறார்கள்.

வன்பொருளில் காசு எங்கே போகவேண்டும் என்றால் முதலில் எஸ்எஸ்டியில். மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள சர்வர் ரகம் வேண்டும். அது இல்லாத மலிவான வட்டு பெட்டியில் என்ன வேகம் போட்டிருந்தாலும், எழுதுவது ஒவ்வொன்றும் உண்மையாகவே பதியும்வரை காத்திருக்கும்போது படுத்துவிடும். மூன்றில் ஒன்று மெதுவானாலும் பதில் அதன் வேகத்தில்தான் வரும். எழுதுவது ஒவ்வொன்றும் வலையில் இரண்டு முறை கூடப் போவதால் 1 கிகாபிட் போதாது, 10 வேண்டும். நினைவகம் வட்டுக்கு 4 கிபிபைட் என்று செஃபுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் மெய்நிகர் கணினிகள். ரெய்டு அட்டையைக் கழற்றிவிட்டு வட்டுகளை நேரடியாகக் கொடுங்கள்.