பன்னிரண்டு மாத மழையை ஐந்து வாக்கியத்தில் சொல்வது எப்படி?

பினாங்கில் திறந்தவெளியில் ஒரு விழா வைக்க வேண்டும். எந்த மாதம் மழைத் தொல்லை குறைவு? இதற்கான பதில் ஓர் அட்டவணையில் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் விமான நிலைய வானிலை நிலையத்தின் நீண்டகால சராசரிகளை உலக வானிலை அமைப்பு வெளியிட்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு வரியாகப் பன்னிரண்டு வரிகள். வரிக்கு நான்கு எண்கள்: இரவின் குறைந்த வெப்பநிலை, பகலின் அதிக வெப்பநிலை, மழை எத்தனை மில்லிமீட்டர், மழை பெய்த நாள்கள் எத்தனை. மொத்தம் 48 எண்கள்.

இதை அப்படியே குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னத் திரையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். படமாக அனுப்பினால் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் மாதத்தின் பெயர் திரைக்கு வெளியே போய்விடும். "கட்டம் கட்டமா அனுப்பாதப்பா, வாயால சொல்லு" என்று அத்தைமார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அட்டவணையைப் படிப்பது உண்மையில் தேடுகிற வேலை. எந்த வரியும் எந்த நெடுவரிசையும் சந்திக்கிற இடம் தனக்கு வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது வசதி. தெரியாதவர் 48 எண்களையும் தலையில் வைத்துக்கொண்டு தானே ஒப்பிட வேண்டியிருக்கிறது. சுருக்கி எழுதுகிறவர் அந்த ஒப்பிடும் வேலையை வாசகருக்காக முன்கூட்டியே செய்துவிடுகிறார்.

பலர் முதலில் செய்வது, அட்டவணையை மேலிருந்து கீழாக வாக்கியமாக்குவது. "ஜனவரியில் 68.7 மில்லிமீட்டர், பிப்ரவரியில் 71.7 மில்லிமீட்டர், மார்ச்சில்..." கோடுகள் போய்விட்டன, அட்டவணை போகவில்லை. இன்னும் மோசம் என்றுகூடச் சொல்லலாம். கட்டத்திலாவது கண் மேலும் கீழும் ஓடலாம். வாக்கியத்தில் அதுவும் முடியாது.

இன்னொரு சறுக்கல், எல்லாவற்றையும் ஒரே சராசரியில் அடக்குவது. ஆண்டு மழை சுமார் 2,408 மில்லிமீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 200. கணக்கு சரிதான். ஆனால் விழா வைக்கப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் மாதங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத்தான் அவர் கேட்டார். சராசரி அதைத்தான் அழித்துவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது? எண்களை அருகிலுள்ள எளிய எண்ணுக்கு உருட்டிக்கொள்வதில் தொடங்கலாம். ஆண்ட்ரூ எரன்பர்க் என்ற பிரிட்டன் புள்ளியியலாளர் 1970களில் இதை வலியுறுத்தி எழுதினார்: ஒப்பிடுவதற்காகத் தரும் எண்களில், உண்மையில் மாறுகிற இரண்டு இலக்கங்கள் இருந்தால் போதும். 383.0-ஐ 68.7-ஆல் மனக்கணக்கில் வகுக்கச் சொன்னால் நம்மில் பலர் கையை விரித்துவிடுவோம். 380-ஐயும் 70-ஐயும் தந்தால் "அஞ்சு மடங்குக்கு மேல" என்று உடனே வரும். உருட்டியதால் போனது ஒரு சிறு துல்லியம். அது இந்தக் கேள்விக்குத் தேவையும் இல்லை.

அடுத்து, மாறாத நெடுவரிசைகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பகல் வெப்பநிலையைப் பாருங்கள். மிக அதிகமான மாதத்தில் 32.2 டிகிரி, மிகக் குறைந்த மாதத்தில் 30.4. ஆண்டு முழுக்க இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. இரவும் 23, 24 டிகிரிக்குள்தான். ஆக, 24 எண்கள் கொண்ட இரண்டு நெடுவரிசைகள் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. அந்த வாக்கியத்தையும் விட்டுவிடக் கூடாது. "வெயில் எப்படி?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எல்லா மாதமும் ஒன்றுதான் என்பதே அதற்கு முழுப் பதில்.

இப்போது மழை. மாத வரிசையை மறந்துவிட்டு, குறைவிலிருந்து அதிகம் என்று அடுக்கினால் இப்படி வரும்: ஜனவரி 69, பிப்ரவரி 72, டிசம்பர் 114, மார்ச் 146, ஜூன் 178, ஜூலை 192, மே 203, ஏப்ரல் 220, நவம்பர் 232, ஆகஸ்ட் 242, செப்டம்பர் 356, அக்டோபர் 383.

இந்த வரிசையில் எண்களைவிட இடைவெளிகளைத்தான் கவனிக்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து செப்டம்பருக்கு ஒரே தாவலில் 114 ஏறுகிறது. வேறெங்கும் அதில் பாதி தாவல்கூடக் கிடையாது. அடுத்த பெரிய தாவல் பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் நடுவே, 42. இந்த இரண்டு இடங்களில் வெட்டினால் மூன்று கூட்டங்கள் கிடைக்கின்றன: வறண்ட இரண்டு மாதம், கொட்டுகிற இரண்டு மாதம், இடைப்பட்ட எட்டு மாதம். வரைபடத்தில் எந்த மாவட்டத்துக்கு என்ன வண்ணம் என்று பிரிக்கும்போது நிலவரைபடக்காரர்கள் பல சமயம் செய்வதும் இதே வேலைதான். 100, 200, 300 என்று அழகான எண்ணில் வெட்டாமல், எண்கள் தாமாகவே விலகி நிற்கும் இடத்தில் வெட்டுவார்கள். நாம் 200 என்ற கோட்டில் வெட்டியிருந்தால் 192 உள்ள ஜூலையும் 203 உள்ள மேயும் வேறு வேறு கட்சிக்குப் போயிருக்கும். அந்த 11 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரே ஒரு சாயங்கால மழையில் அடங்கிவிடக்கூடியது.

இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. ஜனவரியும் பிப்ரவரியும் அடுத்தடுத்த மாதங்கள், செப்டம்பரும் அக்டோபரும் அப்படியே. அதனால் கூட்டங்களை எளிதாகப் பெயர் சொல்லிவிடலாம். மார்ச், ஜூலை, நவம்பர் என்று சிதறிக் கிடந்திருந்தால் அளவுப்படி பிரித்ததை எழுத்தில் கொண்டுவரத் திண்டாட வேண்டியிருக்கும். அப்போது பருவ வரிசையிலேயே சொல்வது நல்லது.

இனி எழுதலாம். பதில் முதலில், காரணம் பிறகு.

"விழாவுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற மாதங்கள்: மாதத்தில் ஐந்தாறு நாள்தான் மழை, அளவும் அக்டோபரில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தவிர்க்க வேண்டியவை செப்டம்பரும் அக்டோபரும்: ஐந்து நாளில் மூன்று நாள் மழை, ஆண்டு மழையில் பத்தில் மூன்று பங்கு இந்த இரண்டு மாதத்திலேயே விழுந்துவிடுகிறது. மற்ற எட்டு மாதங்களும் இடைப்பட்டவை, அவற்றில் டிசம்பரும் மார்ச்சும் கொஞ்சம் லேசு. வெயிலைப் பார்த்து மாதம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, எப்போதும் பகலில் 30 முதல் 32 டிகிரிதான். இவை பாயான் லெப்பாஸில் அளந்த நீண்டகால சராசரிகள், இந்த வருடம் இப்படித்தான் பெய்யும் என்று பொருளல்ல."

48 எண்கள் போய் ஒரு கை விரலுக்கு அடங்கும் எண்களே மிஞ்சியிருக்கின்றன. தண்ணீர்மலைக்குத் தைப்பூசக் காவடி ஏறுவது பெரும்பாலும் நனையாமல் நடப்பதும், தீபாவளிக்கு முந்தைய கடைவீதியில் குடையோடு அலைவதும் இந்தப் பத்தியைக் கேட்பவர் நினைவுக்கு உடனே வரும். சுருக்கம் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

ஆனால் அறிகுறி மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அது அட்டவணையின் எந்தக் கட்டங்களிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். "பத்தில் மூன்று பங்கு" எங்கிருந்து வந்தது? 356-உம் 383-உம் சேர்ந்து 739. அதை 2,408-ஆல் வகுத்தால் 31 விழுக்காடு. சரி. "ஐந்து நாளில் மூன்று" எங்கிருந்து? செப்டம்பரில் 18 மழை நாள், அக்டோபரில் 19. அதுவும் சரி. விரல் வைக்க இடமில்லாத வாக்கியம் வந்தால் அங்கேதான் கவனம் தேவை. உதாரணமாக, "வடகிழக்குப் பருவமழையை மலைத்தொடர் தடுப்பதால் ஜனவரி வறண்டிருக்கிறது" என்று எழுதத் தோன்றும். அது உண்மையே, அந்தப் பருவத்து மழையைக் கிளந்தானும் திரங்கானுவும் வாங்கிக்கொள்கின்றன, தீவு மலைக்கு இப்பால் இருக்கிறது. ஆனாலும் அது அட்டவணை சொன்ன செய்தி அல்ல. எழுதுவதென்றால் தனி வாக்கியமாக, வேறிடத்து அறிவு என்று தெரியும்படி எழுத வேண்டும்.

விழுக்காட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜனவரியைவிட அக்டோபரில் மழை 457 விழுக்காடு அதிகம் என்பது கணக்குப்படி சரி. ஆனால் கேட்பவர் அதை நாலரை மடங்கு என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அக்டோபர் மழை ஜனவரியைப் போல் ஐந்தரை மடங்கு. நூறைத் தாண்டிய விழுக்காடு வந்தாலே மடங்காக மாற்றிச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

அந்தக் கடைசி வாக்கியத்தை, அதாவது சராசரி பற்றிய எச்சரிக்கையை, இடம் போதவில்லை என்று வெட்டத் தோன்றும். வெட்டக் கூடாது. நவம்பர் நம் கணக்கில் இடைப்பட்ட கூட்டத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் ஒரு மாதத்து மழை ஒரு நாளுக்குள் கொட்டி, தீவும் செபராங் பிறையும் வெள்ளக்காடானதை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அட்டவணை பொய் சொல்லவில்லை. பல ஆண்டு நவம்பர்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்கியபோதே அப்படிப்பட்ட நாள்கள் உள்ளே கரைந்துவிட்டன. மூலத்தில் கரைந்துபோனதைச் சுருக்கத்தால் மீட்க முடியாது. மழை பகலிலா இரவிலா, மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் எவ்வளவு என்பதும் அப்படித்தான். ஒரு விமான நிலையத்து எண்களில் அந்தப் பதில்கள் இல்லை.

இந்த ஐந்து வாக்கியமும் விழா வைப்பவருக்கு எழுதியவை. இதே அட்டவணையைப் பக்கத்துத் தெருவில் வடிகால் கட்டுகிறவர் கேட்டால் பத்தியே வேறாகிவிடும். அவருக்கு எத்தனை நாள் மழை என்பதைவிட, பெய்யும் நாளில் எவ்வளவு விழுகிறது என்பது முக்கியம். மழை அளவை மழை நாள்களால் வகுத்தால் ஜனவரியில் நாளுக்குச் சுமார் 14 மில்லிமீட்டர், அக்டோபரில் 20. இந்த எண் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை, இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கிறது. அவருக்கான முதல் வாக்கியம் இப்படித் தொடங்கும்: "அக்டோபரில் மழை நாள்கள் கூடுவதோடு, பெய்கிற ஒவ்வொரு நாளும் ஜனவரியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமாகப் பெய்கிறது."