தம்பி எழுதிய விலகல் கடிதம்: குடும்பக் கூட்டு நிறுவனத்தில் மூலதனக் கணக்கைத் தீர்ப்பது எப்படி?

குடும்பக் கூட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் விலகும்போது எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உடல்நிலை சரியில்லை, இன்று முதல் விலகிக்கொள்கிறேன், என் கணக்கில் உள்ளதைக் கொடுத்துவிடுங்கள். அடியில் ஒரு கையெழுத்து. தேதி சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. சண்டை போட்டுப் பிரிகிறவர்கள் நேரே வக்கீலிடம் போய்விடுவார்கள். சுமுகமாக விலகுகிறவர்கள்தான் இப்படி நான்கு வரி எழுதி நீட்டுகிறார்கள். ஆடிட்டர் என்ற முறையில் எனக்கு அதிகக் கவலை தருபவர்களும் இவர்கள்தான்.

ஒரு ஜவுளி மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். பங்குதாரர்கள் மூன்று பேர்: அண்ணனுக்கு 40 சதவீதம், தம்பிக்கு 30, அண்ணன் மகனுக்கு 30. தம்பிக்கு அறுபது தாண்டிவிட்டது; மகள் இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். அவர் எழுதி வந்த கடிதத்தின் முக்கியமான வரி இது: "நமது கூட்டு வியாபாரத்தை 30.09.2025 உடன் முடித்துக்கொள்கிறேன். என் மூலதனக் கணக்கில் உள்ள தொகையைப் பெற்றுக்கொண்டு, இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

இந்த ஒரு வரியில் இரண்டு ஆபத்துகள் இருந்தன.

முதலாவது, அவர் விலகுகிறாரா, நிறுவனத்தையே கலைக்கிறாரா என்பது தெளிவாக இல்லை. இவர்களுடைய பத்திரத்தில் கால வரம்பு எதுவும் கிடையாது. அதாவது விருப்பம் உள்ளவரை நடக்கும் கூட்டு. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டு வணிகச் சட்டம் அப்படிப்பட்ட நிறுவனத்தின் பங்குதாரருக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. 32-ஆம் பிரிவின்படி மற்ற பங்குதாரர்கள் எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துத் தான் மட்டும் விலகலாம். 43-ஆம் பிரிவின்படி அதே மாதிரி ஓர் அறிவிப்பால் நிறுவனத்தையே கலைத்துவிடலாம். கலைந்தால் சொத்துகளைக் காசாக்கி, கடன்களை அடைத்து, மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். தம்பிக்கு அந்த எண்ணமே இல்லை. கடை நடக்க வேண்டும் என்றுதான் அவரும் விரும்பினார். ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால் எதிரில் இருக்கப்போவது அவர் எண்ணம் இல்லை, காகிதம்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பங்குதாரர்கள் இரண்டே பேர் என்றால் ஒருவர் விலகியதுமே கூட்டு முடிந்துவிடும், ஒற்றை ஆளைக் கொண்டு கூட்டு நிறுவனம் இருக்க முடியாது. அண்ணன் தம்பி இருவர் மட்டும் நடத்தும் கடை என்றால் விலகும் தேதிக்கு முன்பே மூன்றாவது ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

இரண்டாவது ஆபத்து, கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே பாத்தியம் இல்லை என்று எழுதியது. கடிதத்தை இப்படி மாற்றச் சொன்னோம்:

"நமது நிறுவனத்தின் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தின்படி பங்குதாரராக இருந்துவரும் நான், 30.09.2025 வணிக நேர முடிவிலிருந்து பங்குதாரர் நிலையிலிருந்து விலகுகிறேன். மற்ற இரு பங்குதாரர்களும் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தேதி வரைக்குமான கணக்கை முடித்து, நிறுவனச் சொத்துகளிலும் நன்மதிப்பிலும் எனக்குள்ள பங்கையும் சேர்த்து, எனக்கு வர வேண்டிய தொகையைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு இறுதியாகி முழுத் தொகையும் கிடைத்தபின் விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன்."

அண்ணனுக்கு ஒரு பிரதி, அண்ணன் மகனுக்கு ஒரு பிரதி. "ஒரே வீட்டில் இருக்கிற பையனுக்குத் தனியாகக் கடிதமா சார்?" என்று தம்பி சிரித்தார். ஆமாம், சட்டம் எல்லாப் பங்குதாரர்களுக்கும் என்றுதான் சொல்கிறது. இரண்டு பிரதிகளிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கச் சொன்னேன்.

இனி கணக்கு. தம்பியின் மூலதனக் கணக்கில் 2025 ஏப்ரல் 1 அன்று 18,40,000 ரூபாய் இருந்தது. பலரும் போன வருட ஐந்தொகையில் உள்ள இந்த எண்ணைத்தான் 'என் பணம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடு வருடத்தில் விலகினால் அந்த எண் அப்படியே நிற்காது. பத்திரத்தில் மூலதனத்துக்கு 12 சதவீத வட்டி; ஆறு மாதத்துக்கு 1,10,400. ஆனால் 2025 ஏப்ரல் முதல், பங்குதாரருக்குத் தரும் சம்பளமும் வட்டியும் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். கையில் கொடுக்காமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டியதுதான். 11,040 போக 99,360 வரவானது. பிடித்த தொகை எங்கும் போய்விடாது, அவருடைய பான் எண்ணில் ஏறி, ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். மூலதனத்தைத் திருப்பித் தருவதற்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

ஆறு மாத லாபத்தைக் கண்டுபிடிக்க சரக்கை எண்ணியாக வேண்டும். இந்த இடத்தில்தான் முகம் சுளிப்பு ஆரம்பிக்கும். நான்கு வருடமாக விற்காமல் கிடக்கும் ரகங்களை வாங்கிய விலைக்கே எழுதினால் லாபம் கூடும், தம்பிக்கு நல்லது; குறைத்து எழுதினால் அண்ணனுக்கு நல்லது. விலகும் தேதியை மார்ச் 31 என்று வைத்துக்கொண்டால், எப்படியும் எடுக்க வேண்டிய இருப்புக் கணக்கோடு இது முடிந்துவிடும். இவர்கள் விஷயத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து நின்று எண்ணினார்கள். வரிக்கு ஒதுக்கியது போக 6,00,000 லாபம், தம்பி பங்கு 1,80,000.

அடுத்து எடுப்பு, அதாவது சொந்தச் செலவுக்குக் கடையிலிருந்து எடுத்த பணம். பேரேட்டில் தம்பி பெயரில் 4,45,000 பற்று எழுதியிருந்தது. வரி வரியாகப் படித்துப் பாருங்கள் என்று அச்செடுத்துக் கொடுத்தோம். வீட்டுச் செலவு, எல்ஐசி பிரீமியம் எல்லாம் சரி. நடுவில் ஒரு 90,000 இருந்தது. அப்பா காரியத்துக்காகக் கல்லாவிலிருந்து எடுத்த பணம். எடுத்தவர் தம்பி என்பதால் குமாஸ்தா முழுவதையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார். அண்ணனிடம் சொன்னதும் ஒரு பேச்சுமில்லாமல் பாதியைத் தன் கணக்குக்கு மாற்றச் சொன்னார். குடும்பக் கடைகளின் பேரேட்டில் இப்படி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்; அதனால் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. எடுப்பு 4,00,000 ஆனது. நிலுவை 17,19,360.

இத்தோடு முடியவில்லை. நிறுவனம் 1998-இல் 4 லட்சத்துக்கு வாங்கிய கோடவுன் நிலம் புத்தகத்தில் இன்றும் 4 லட்சம்தான். நிலத்துக்குத் தேய்மானமும் கிடையாது, ஏற்றமும் யாரும் எழுதுவதில்லை. இப்போது மதிப்பு 64 லட்சம். ஏற்றம் 60 லட்சத்தில் தம்பியின் 30 சதவீதம் 18 லட்சம், அதாவது அவருடைய மூலதன நிலுவையைவிடப் பெரிய தொகை. பழைய கடிதம் அப்படியே போயிருந்தால் இதையும் சேர்த்து விட்டுக்கொடுத்திருப்பார். விலகுகிறவருக்குப் புத்தக மதிப்புதான் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தும். இவர்கள் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. மகள் வீட்டுக்காரர் 18 என்றார், அண்ணன் 12 என்றார், கடைசியில் 15 லட்சத்தில் நின்றது.

இந்த 15 லட்சத்துக்கு வருமான வரி உண்டு. 2021-இல் சட்டத்தில் வந்த மாற்றத்தின்படி, விலகும் பங்குதாரர் தன் மூலதன நிலுவைக்கு மேல் பெறுவது நிறுவனத்தின் மூலதன ஆதாயம். 'நிலத்தை மறுமதிப்பீடு செய்து மூலதனத்தில் ஏற்றிவிட்டால் மேல் என்ற பேச்சே இல்லையே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். மறுமதிப்பீட்டால் ஏறியதையும் தானாக உருவான நன்மதிப்பையும் கழித்துவிட்டுத்தான் நிலுவையைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. நீண்டகாலமாக வைத்திருக்கும் நிலத்தோடு சேரும் ஆதாயம் என்பதால் 12.5 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 1,95,000. பின்னால் அந்த நிலத்தை விற்கும்போது இந்த 15 லட்சத்தை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது கட்ட வேண்டியது நிறுவனம், அதாவது தங்கும் அண்ணனும் மகனும். பேரம் பேசி முடித்தபின் இது தெரியவந்தால் கசப்புதான் மிஞ்சும். நாங்கள் பேசும்போதே மேசையில் வைத்துவிட்டதால், வரி நிறுவனத்தின் பொறுப்பு என்று விலகல் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். பணத்துக்குப் பதில் மனையோ சரக்கோ கொடுப்பதாக இருந்தால் அதைச் சந்தை விலைக்கு விற்றது போலவே கொள்வார்கள்; கணக்கு வேறு மாதிரி போகும்.

மொத்தம் 32,19,360. பன்னிரண்டு லட்சம் உடனே, மீதி தவணையில், 9 சதவீத வட்டியோடு. வட்டி பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால் 37-ஆம் பிரிவு வரும்: தீர்க்காத தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, அல்லது அந்தப் பணத்தைப் பயன்படுத்தி நிறுவனம் ஈட்டிய லாபத்தில் பங்கு. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது விலகியவரின் உரிமை. இழுத்தடிக்கும் தரப்பு இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பணம் வந்துவிட்டால் பொறுப்பும் போய்விட்டது என்று நினைப்பார்கள். வெளியாருக்குப் பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை, நிறுவனம் புதிதாக வாங்கும் கடனுக்கும் விலகியவர் பொறுப்பில் இருப்பார். பதிவான நிறுவனம் என்றால் பொது அறிவிப்பு மூன்று இடத்தில்: கூட்டு நிறுவனங்களின் பதிவாளரான மாவட்டப் பதிவாளரிடம், அரசிதழில், அந்த மாவட்டத்தில் விற்கும் ஒரு தமிழ் நாளிதழில். இதை விலகியவரே செய்யலாம், அண்ணன் செய்வார் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஜிஎஸ்டிக்குத் தனி விதி. விலகிய தேதியை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆணையருக்குத் தெரிவித்தால், அந்தத் தேதி வரைக்குமான வரி பாக்கிக்கு மட்டும்தான் பொறுப்பு. தெரிவிக்கவில்லை என்றால், தகவல் போய்ச் சேரும் நாள் வரை பொறுப்பு நீளும். போர்ட்டலில் பதிவைத் திருத்த 15 நாள் என்பது வேறு வேலை, அதை நிறுவனம் செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள்.

கடைசியில் வங்கி. ஓவர்டிராஃப்ட் கணக்குக்குத் தம்பி தனிப்பட்ட ஜாமீன் போட்டிருந்தார், அவர் வீட்டுப் பத்திரமும் அடமானத்தில் இருந்தது. விலகல் கடிதமோ அரசிதழோ இந்த ஜாமீனை ரத்து செய்யாது. இனிமேல் எடுக்கும் கடனுக்கு ஜாமீன் இல்லை என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். அன்றைய பாக்கிக்கு வங்கி விடுவித்தால்தான் விடுதலை. அண்ணன் தன் மனைவி பெயரில் இருந்த மனையின் பத்திரத்தை மாற்றாக வைத்தார். வங்கி ஒப்புதல் தர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை தம்பி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.