ஐந்தால் வகுத்தார்களா, நான்கால் வகுத்தார்களா? திட்ட விலக்கத்தைச் சரிபார்க்கும் முறை

ஓர் அறிக்கையில் 'திட்ட விலக்கம் 2.28' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எண் சரியா தவறா என்று சொல்லவே முடியாது. சராசரி அப்படியல்ல. கூட்டி, எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது, ஒரே விடைதான். திட்ட விலக்கத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. கடைசியில் எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சரிபார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் கழித்தலையும் வர்க்கத்தையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். பிழை ஒளிந்திருப்பது அங்கே அல்ல, வகுக்கும் எண்ணில்.

ஒரு தொகுப்பு மாத்திரைகளிலிருந்து ஐந்தை எடுத்து எடை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். மில்லிகிராமில் அவை 247, 253, 248, 252, 250. கூட்டுத்தொகை 1250, சராசரி 250. சராசரியிலிருந்து விலக்கங்கள் −3, 3, −2, 2, 0. அவற்றின் வர்க்கங்கள் 9, 9, 4, 4, 0, மொத்தம் 26. இதுவரை யார் போட்டாலும் ஒன்றுதான்.

இந்த 26ஐ 5ஆல் வகுத்தால் 5.2, வர்க்கமூலம் 2.28. அதையே 4ஆல் வகுத்தால் 6.5, வர்க்கமூலம் 2.55. சராசரியின் சதவீதமாகச் சொன்னால் முதலாவது 0.91, இரண்டாவது 1.02. ஏற்பு வரம்பு 1 சதவீதம் என்று இருந்தால், அதே ஐந்து மாத்திரைகள் ஒரு கணக்கில் தேறுகின்றன, இன்னொரு கணக்கில் தேறவில்லை. எடை பார்த்ததில் குறையில்லை, கூட்டலிலும் குறையில்லை.

இங்கே எது சரி? எண்களைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த எண்ணை வைத்து எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேட்க வேண்டும். அந்த ஐந்து மாத்திரைகளைப் பற்றி மட்டும் பேசுவதானால் அவையே முழுமைத் தொகுதி, 5ஆல் வகுக்கலாம். ஆனால் ஐந்து மாத்திரைகளின் எடை யாருக்கு வேண்டும்? அவை எந்தத் தொகுப்பிலிருந்து வந்தனவோ அந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்லத்தான் எடுத்தோம். ஆகவே இவை ஒரு மாதிரி; வகுக்க வேண்டியது 4ஆல்.

'என்னிடம் இருக்கிற தரவு எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன், ஆகவே இது முழுமைத் தொகுதிதானே' என்ற வாதம் அடிக்கடி வரும். கையில் இருப்பது எல்லாம் என்பதும், இருக்கிறது எல்லாம் என்பதும் வேறுவேறு. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள்; அந்த வகுப்பின் மதிப்பெண் எவ்வளவு பரவியிருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 40ஆல் வகுப்பதே சரி. அதே 40 மதிப்பெண்களை வைத்து, இந்த வினாத்தாளை அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்தால் பரவல் எப்படி இருக்கும் என்று சொல்லப் போனால், அந்த 40 பேர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். 39ஆல் வகுக்க வேண்டும். தரவு மாறவில்லை, கேள்வி மாறியது.

ஒன்றைக் குறைப்பது ஏன் என்பதற்கு 'மாதிரி என்றால் ஒன்று கழிக்க வேண்டும்' என்பதைத் தாண்டிப் பலர் போவதில்லை. காரணம் தெரிந்தால் எப்போது கழிக்கக்கூடாது என்பதும் தெரியும். நமக்கு உண்மையில் வேண்டியது தொகுப்பின் உண்மைச் சராசரியிலிருந்து விலக்கம். அது தெரியாததால் இந்த ஐந்தின் சராசரியான 250ஐ வைத்துக்கொண்டோம். அந்த 250 இந்த ஐந்து எண்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி: வேறு எந்த எண்ணிலிருந்து கழித்தாலும் வர்க்கங்களின் மொத்தம் 26ஐ விடக் கூடுதலாகத்தான் வரும். தொகுப்பின் உண்மைச் சராசரி 251 என்று கொள்ளுங்கள். விலக்கங்கள் −4, 2, −3, 1, −1. வர்க்கங்களின் மொத்தம் 31. நாம் 26 என்று எடுத்துக்கொண்டது குறைவு. இந்தக் குறைவை ஈடுகட்டத்தான் வகுக்கும் எண்ணைக் குறைக்கிறோம். பெஸ்ஸல் திருத்தம் என்று இதற்குப் பெயர்.

சரியாக ஒன்றைத்தான் ஏன் குறைக்க வேண்டும், இரண்டை ஏன் குறைக்கவில்லை? 0, 2 என்ற இரண்டே எண்கள் உள்ள ஒரு முழுமைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சராசரி 1, விலக்க வர்க்கச் சராசரியும் 1. எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு இரண்டிரண்டாக மாதிரி எடுத்தால் நான்கு வாய்ப்புகள்: (0,0), (0,2), (2,0), (2,2). ஒவ்வொன்றிலும் அதனதன் சராசரியிலிருந்து வர்க்கங்களின் மொத்தம் 0, 2, 2, 0. நான்கின் சராசரி 1. மாதிரியில் உள்ள எண்களின் எண்ணிக்கையை n என்று வைத்துக்கொண்டால், இதை 1ஆல், அதாவது n − 1ஆல், வகுத்தால் உண்மையான 1 கிடைக்கிறது. 2ஆல் வகுத்தால் பாதிதான் கிடைக்கும். இதிலிருந்து தெரியும் விதிவிலக்கு ஒன்று: உண்மைச் சராசரியை வேறு வழியில் முன்பே அறிந்து, விலக்கங்களை அதிலிருந்தே எடுத்தால், மாதிரியாக இருந்தாலும் nஆல் வகுப்பதுதான் சரி. அங்கே ஈடுகட்ட ஒன்றுமில்லை.

ஒரு நுணுக்கம்: இந்தத் திருத்தம் நேர்செய்வது வர்க்கமூலம் எடுப்பதற்கு முந்தைய எண்ணை. வர்க்கமூலம் எடுத்தபின் கிடைக்கும் திட்ட விலக்கம் சராசரியில் இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மேலே சொன்ன நான்கு மாதிரிகளின் திட்ட விலக்கங்கள் 0, 1.414, 1.414, 0, அவற்றின் சராசரி 0.707, 1 அல்ல. ஆகவே n − 1ஆல் வகுத்துவிட்டதால் திட்ட விலக்கம் 'பிழையற்றது' என்று எழுதிவிடாதீர்கள்.

'30க்கு மேல் இருந்தால் nஆல் வகுக்கலாம்' என்றொரு வாய்மொழி விதி உலவுகிறது. எண்ணிக்கை கூடினால் எது சரி என்பது மாறாது. தவறின் அளவுதான் சுருங்கும். இரண்டு விடைகளுக்கும் உள்ள விகிதம் √(n/(n−1)). இரண்டு அளவீடுகளுக்கு இது 1.414, ஐந்துக்கு 1.118, பத்துக்கு 1.054, முப்பதுக்கு 1.017. முப்பதில் 1.7 சதவீத வித்தியாசம் பெரிதா சிறிதா என்பது உங்கள் வரம்பு எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பொறுத்தது. இரண்டு, மூன்று அளவீடுகளோடு வேலை பார்ப்பவர்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டும்.

இனி மென்பொருள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறது, கேட்காவிட்டால் சொல்லாது. எக்செல்லில் `STDEV.S` n − 1ஆல் வகுக்கும், `STDEV.P` nஆல் வகுக்கும்; பழைய `STDEV` முதல் வகை, `STDEVP` இரண்டாவது வகை. ஆர் மொழியின் `sd()` எப்போதும் n − 1தான். பைத்தானில்தான் சிக்கல், ஒரே கோப்பில் இரண்டு நூலகங்கள் இரண்டு விடை தரும்:

```python
import numpy as np
import pandas as pd
w = [247, 253, 248, 252, 250]
np.std(w)           # 2.2804
np.std(w, ddof=1)   # 2.5495
pd.Series(w).std()  # 2.5495
```

தரவுத்தளங்களும் ஒத்துப்போவதில்லை. `STDDEV` என்று எழுதினால் போஸ்ட்கிரெஸ் n − 1ஆல் வகுக்கிறது, மைஎஸ்கியூஎல் nஆல் வகுக்கிறது. தளம் மாற்றும்போது வினவல் அப்படியே ஓடும், எண் மட்டும் மாறியிருக்கும். `STDDEV_SAMP`, `STDDEV_POP` என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கால்குலேட்டரில் சில வகைகளில் σn, σn−1 என்றும், வேறு சிலவற்றில் σx, sx என்றும் இருக்கும். σ என்ற எழுத்தைப் பார்த்ததுமே 'இதுதான் திட்ட விலக்கம்' என்று அந்தப் பொத்தானை அழுத்துவது பழக்கதோஷம்.

எந்தக் கருவியானாலும் கையேட்டைத் தேடாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: 1, 3 என்ற இரண்டு எண்களைக் கொடுங்கள். விடை 1 என்றால் nஆல் வகுக்கிறது. 1.414 என்றால் n − 1ஆல் வகுக்கிறது. அரை நிமிட வேலை.

அடுத்தது, n என்று எடுத்த எண்ணே சரியா என்பது. கையால் சூத்திரம் எழுதிய தாள்களில் இது அதிகம். எக்செல்லில் `COUNTA` காலியில்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். அளவீடு எடுக்காத இடத்தில் யாராவது ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் அதையும் எண்ணும். `COUNT` எண்களை மட்டும் எண்ணும். நம் ஐந்து எடைகளோடு ஆறாவது கட்டத்தில் ஒரு கோடு இருந்தால், `COUNTA`விலிருந்து 1 கழித்தவர் 26ஐ 5ஆல் வகுத்து 2.28 என்று எழுதுவார். மாதிரிக்கான சூத்திரம்தான், முழுமைத் தொகுதியின் விடை! இதைத் தவிர்க்க:

```
=SQRT(DEVSQ(A2:A7)/(COUNT(A2:A7)-1))
```

நிகழ்வெண் அட்டவணையிலும் இதே வழுக்கல் உண்டு. அங்கே n என்பது நிகழ்வெண்களின் கூடுதல்; அட்டவணையில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்பதல்ல.

திருத்தத்தை இரண்டு முறை செய்வதும் நடக்கிறது. சராசரியின் திட்டப் பிழை காண 2.55ஐ √5ஆல் வகுத்தால் 1.14 வரும். nஆல் வகுத்த 2.28 கையில் இருந்தால் அதை √4ஆல் வகுத்தாலும் அதே 1.14தான். ஆனால் 2.55ஐ √4ஆல் வகுத்தால் 1.27 வரும், அது எதற்கும் பயன்படாத எண். இரண்டு வழிகளையும் பாதிப்பாதியாகக் கலந்ததன் விளைவு.

வேறொருவர் தந்த அறிக்கையைச் சரிபார்க்கும்போது, மூல எண்கள் இருந்தால் பின்னோக்கிப் போவதே சுலபம். தந்த திட்ட விலக்கத்தை வர்க்கப்படுத்தி, nஆல் ஒருமுறையும் n − 1ஆல் ஒருமுறையும் பெருக்கி, எது விலக்க வர்க்கங்களின் மொத்தத்தோடு பொருந்துகிறது என்று பாருங்கள். 2.28இன் வர்க்கம் 5.198. அதை ஐந்தால் பெருக்கினால் 25.99, நான்கால் பெருக்கினால் 20.79. நம் மொத்தம் 26. ஐந்தால் வகுத்திருக்கிறார்கள். இரண்டுமே பொருந்தாவிட்டால் பிரச்சினை வேறு இடத்தில், பெரும்பாலும் எண்ணிக்கையில்.

மூல எண்கள் இல்லாமல், nஆல் வகுத்தது என்று மட்டும் தெரிந்தால், √(n/(n−1))ஆல் பெருக்கி மாற்றிக்கொள்ளலாம்: 2.28 × 1.118 = 2.55. எதனால் வகுத்தார்கள் என்பதே தெரியாவிட்டால், வெறும் திட்ட விலக்கத்தையும் எண்ணிக்கையையும் வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கணக்குப் போட்டவரைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் 'மாதிரியா, முழுமைத் தொகுதியா' என்று கேட்டால் தரவைப் பற்றித் தாம் நினைப்பதைச் சொல்வார். எந்தச் செயற்கூற்றை, எந்தப் பொத்தானைப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள்.