குழல் எட்டாத மாடி

வெட்டவெளிச் சண்டையில் டாங்கிதான் ராஜா. இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் எதிரியைக்கூட அடித்துவிடும். அதே டாங்கி ஊருக்குள் போனதும் ஏன் திணறுகிறது? இளம் வீரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் கரும்பலகையில் ஒரு கோணம் வரைந்துதான் தொடங்குவேன்.

ரஷ்யப் படையின் டி-72 டாங்கியின் பீரங்கிக் குழல் மேலே சுமார் 14 டிகிரி உயரும், கீழே சுமார் 6 டிகிரி தாழும். கட்டடம் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். குழல் அங்கே ஏழு மீட்டர் உயரத்தைத் தொடுவதே கஷ்டம். அதாவது இரண்டாவது மாடி ஜன்னலில் இருப்பவனை அதனால் சுட முடியாது. பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் நிலவறை ஜன்னலும் தப்பிவிடும். ஆனால் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் டாங்கியின் மெல்லிய பாகங்களான மேற்கூரையும் பக்கவாட்டும் நன்றாகத் தெரியும்.

1994 டிசம்பர் 31 அன்று, ரஷ்யாவிலிருந்து பிரிய முயன்ற செச்சென்யாவின் தலைநகரான குரோஸ்னியில் இதுதான் நடந்தது. ரஷ்யாவின் 131வது மைகோப் படைப்பிரிவு பெரிய எதிர்ப்பில்லாமல் ரயில் நிலையம்வரை போய்விட்டது. பல வாகனங்களில் காலாட்படையினர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அன்றைய மிகப் பெரிய தவறு அதுதான். மாடி ஜன்னல்களைக் கண்காணிக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. செச்சென் போராளிகள் சின்னச் சின்னக் குழுக்களாக இருந்தார்கள்: ராக்கெட் லாஞ்சர் வைத்திருப்பவர், இயந்திரத் துப்பாக்கிக்காரர், குறிபார்த்துச் சுடுபவர். வரிசையின் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் அடித்தார்கள். நடுவில் மாட்டியவை திரும்பவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றன. படைப்பிரிவின் 26 டாங்கிகளில் 20 அழிந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. தளபதி இவான் சாவினும் உயிரிழந்தார்.

அப்புறம் ரஷ்யர்கள் முறையை மாற்றினார்கள். சிறு தாக்குதல் குழுக்கள் வீடுவீடாகப் போயின. டாங்கிகள் பின்னால் நின்று ஆதரவாகச் சுட்டன. மாடிகளை அடிக்க, குழல் நன்றாக உயரும் விமான எதிர்ப்பு பீரங்கி வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்த முறை ஆளைத் தின்னும். ஒரு வீட்டைப் பிடித்தால் அங்கே நாலு பேரை விட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். விடாவிட்டால் எதிரி நிலவறை வழியாகவோ பின்சுவர் வழியாகவோ திரும்பி வந்து முதுகில் சுடுவான். பத்துக் கட்டடம் தாண்டுவதற்குள், யாரும் சாகாவிட்டாலும், முன்னே போகும் ஆட்களில் நாற்பது பேர் குறைந்துவிடுவார்கள்.

ஆள் போதாதபோது தளபதிகள் பீரங்கியை நம்புவார்கள். அதன் விலையைக் கொடுப்பது நிலவறைகளில் ஒளிந்திருக்கும் குடும்பங்கள். குரோஸ்னியின் மையத்தில் அப்படி மாட்டியவர்களில் வேறு போக்கிடமில்லாத வயதான ரஷ்யர்களே ஏராளம். இடிந்த கட்டடமும் தற்காப்பவனுக்குத்தான் உதவும்: தெரு அடைபடும், டாங்கி நுழையாது, ஒளிய இடம் கூடும்.

1995 தொடக்கத்தில் நகரம் ரஷ்யர் கைக்கு வந்தது. 1996 ஆகஸ்டில் செச்சென் போராளிகள் மறுபடி உள்ளே புகுந்தார்கள். நகரெங்கும் சிதறிக் காவல் இருந்த ரஷ்ய வீரர்கள், தாங்கள் காத்த கட்டடங்களுக்குள்ளேயே முற்றுகையில் சிக்கினார்கள்.