அடக்கக் கணக்கில் ஒரு லாபம், நிதிக் கணக்கில் வேறு லாபம்: சரக்கிருப்பில் சறுக்கும் இடம்

ஒரு தொழிற்சாலையின் அடக்கக் கணக்கு 5,00,000 லாபம் காட்டுகிறது. நிதிக் கணக்கு 4,40,000 என்கிறது. இரண்டுமே சரியாக இருக்கலாம். இடையில் உள்ள 60,000 எங்கே போனது என்று சொல்வதுதான் சரிக்கட்டும் பட்டியலின் வேலை.

முதலில் வட்டி. கடனுக்குக் கட்டிய வட்டி 60,000 நிதிக் கணக்கில் மட்டும் செலவாக ஏறியிருக்கிறது. பணத்தை எங்கே திரட்டினோம் என்பது உற்பத்திச் செலவு ஆகாது என்பதால் அடக்கக் கணக்கு அதைத் தொடவில்லை. அதனால் அடக்கக் கணக்கின் 5,00,000 லாபத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும். வித்தியாசமும் அதே 60,000 என்பதால் பலர் இங்கேயே கோப்பை மூடிவிடுவார்கள். அது தற்செயலான பொருத்தம்தான். ஏனென்றால் இங்கே சொந்த முதலுக்கும் 25,000 வட்டி என்று கற்பனையாக ஒரு தொகையை அடக்கக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். யாருக்கும் கொடுக்காத பணம், நிதிக் கணக்கில் இருக்காது. ஆகவே அதைக் கூட்ட வேண்டும். இப்போது 4,65,000 வருகிறது.

அப்புறம் சரக்கிருப்பு. தொடக்கச் சரக்கிருப்பு அடக்கக் கணக்கில் 1,80,000, நிதிக் கணக்கில் 1,65,000. இறுதிச் சரக்கிருப்பு முறையே 2,50,000, 2,10,000. அடக்கக் கணக்கில் சரக்கு உற்பத்திச் செலவிலேயே நிற்கிறது. நிதிக் கணக்கிலோ, விற்றால் கையில் மிஞ்சும் தொகை செலவைவிடக் குறைவான சரக்குகளை அந்தக் குறைந்த தொகைக்கு இறக்கிவிட்டார்கள்.

இரண்டுமே நிதிக் கணக்கில் குறைவுதானே, இரண்டையும் கழித்துவிடலாம் என்று கை போகும். தப்பு அங்கேதான். தொடக்கச் சரக்கு செலவுப் பக்கம் நிற்பது. அது 15,000 குறைந்தால் நிதி லாபம் அவ்வளவு கூடும். இறுதிச் சரக்கு வரவுப் பக்கம். அது 40,000 குறைந்தால் லாபமும் குறையும். 4,65,000 உடன் 15,000 கூட்டி 40,000 கழித்தால் 4,40,000. சரி, பொருந்திவிட்டது.

தொடக்க இருப்பையும் கழித்திருந்தால் 4,10,000 வந்து, 30,000 இடிக்கும். இப்படி ஒரு வித்தியாசம் மிச்சமிருந்தால் நான் முதலில் அதைப் பாதியாக்கிப் பார்ப்பேன். அந்தப் பாதித் தொகை, இங்கே 15,000, பட்டியலில் எங்காவது இருந்தால் பெரும்பாலும் அதன் குறிதான் மாறியிருக்கும்.

போன வருடப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இறுதிச் சரக்கிருப்புக்காகக் கழித்த அதே 15,000தான் இந்த வருடம் தொடக்க இருப்பில் கூட்டலாகத் திரும்ப வர வேண்டும். தொகை மாறியிருந்தால், இடையில் யாரோ ஒரு புத்தகத்தின் தொடக்க இருப்பைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த வருடக் கழிவான 40,000மும் அடுத்த வருடம் இப்படித்தான் நேராகும். வட்டி அப்படித் திரும்பி வராது. கடன் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கழிக்க வேண்டியதுதான்.