‘இஷ்யூ சிலிப்’: வழங்கல் சீட்டா, வெளியீட்டுச் சீட்டா?

பம்பு செய்யும் ஆலை ஒன்றின் பண்டகசாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடந்த பயிற்சி உரையில், பண்டகசாலை பட்டறைக்குப் பொருள் கொடுக்கும்போது எழுதும் ‘இஷ்யூ சிலிப்’ என்பதை உரையாளர் தொடக்கம் முதல் ‘வெளியீட்டுச் சீட்டு’ என்றே சொன்னார். கையேடுகளிலும் இச்சொல்லைப் பலமுறை கண்டு பொறுத்திருந்த எனக்கு, அன்று பொறுக்கவில்லை.

‘இஷ்யூ’ பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. வெளியே செல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை அதன் வேர். வெளியீடு என்றவர் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு தமிழ் வழக்கைக் கைவிட்டார். நூலும் பங்குப் பத்திரமும் வெளியீடு காண்பவை; பேரிங்குக்கு ஏது வெளியீடு? அதைவிடப் பெரிய கேடு, ‘வெளி’ என்னும் சொல்லே தவறான திசையைக் காட்டுவது. பண்டகசாலையிலிருந்து பட்டறைக்குப் போகும் பொருள் ஆலையை விட்டு வெளியேறுவதில்லை. வாயிலைக் கடக்கும் சரக்குக்கு ‘கேட் பாஸ்’ தனியே உண்டு. உரை முடிந்ததும் ஓர் இளைஞர், “ஐயா, இதைக் காவலாளியிடம் காட்ட வேண்டுமா?” என்று கேட்டார். பிழை அவருடையதன்று, சொல்லுடையது.

‘வழங்கல் சீட்டு’ என்பதே பொருந்தும். உணவுப் பொருள் வழங்கல் என்பதில் அச்சொல் ‘சப்ளை’யைக் குறிக்கிறதே என்பர், அங்கும் இருப்பிலிருந்து எடுத்து உரியவர் கையில் கொடுப்பதே கருத்து என்பதால் அதை முரணாக நான் கருதவில்லை. பட்டறை எழுதுவது வேண்டுகைச் சீட்டு. பண்டகக் காப்பாளர் எழுதுவது வழங்கல் சீட்டு. கேட்டதை அன்றிக் கொடுத்ததையே எழுத வேண்டும் என்பதைப் பெயரே கற்பித்துவிடுகிறது.

உரையாளர் காட்டிய கணக்கு நல்ல கணக்கு. 6203 என்னும் வகைப் பேரிங்கு 60, 6204 என்னும் வகைப் பேரிங்கு 50 இருப்பில் உள்ளன. முன்னதன் உள்விட்டம் 17 மி.மீ., பின்னதன் உள்விட்டம் 20 மி.மீ. பட்டறை 6203 கேட்டுவிட்டு, நேரில் வந்து 6204 வேண்டுமென மாற்றி 20 வாங்கிச் செல்கிறது. வேண்டுகையைப் பார்த்தே எழுதியதால் சீட்டில் 6203 என்றே பதிவாகிறது. இப்போது இருப்பு அட்டையில் 6203 நாற்பது, தட்டில் அறுபது. 6204 அட்டையில் ஐம்பது, தட்டில் முப்பது. இரண்டையும் கூட்டினால் அட்டையிலும் தட்டிலும் 90 என்பதால் மொத்த எண்ணிக்கை பிழையைக் காட்டாது. உருப்படிவாரியாக எண்ணினால்தான் தெரியும். 6204 இருப்பு 35 ஆனதும் வாங்க வேண்டும் என்றிருந்தால், ஐம்பது இருப்பதாக நம்பும் கொள்முதல் பிரிவு ஆணை அனுப்பாது; பட்டறை ஒருநாள் பேரிங்கு இன்றி நிற்கும். வாங்கிச் சென்ற பேரிங்குகளைப் பொருத்திய பம்பின் அடக்கவிலையிலும் வேறொரு பேரிங்கின் விலை ஏறியிருக்கும்.

இத்தனை தெளிவாக விளக்கியவர், சொல்லை மட்டும் அகராதியின் முதல் வரியிலிருந்து எடுத்ததுதான் என் மனக்குறை. மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நாளேனும் பண்டகசாலைச் சாளரத்தருகே நின்று, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்திருந்தால், ‘வெளியீடு’ அவர்கள் வாயில் வந்திருக்காது.