பகல் வீச்சை மட்டும் பார்த்து ஆப்ஷன் விற்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேங்காய் வியாபாரி ஒருவர் போன வாரம் என்னிடம் வந்தார். "அண்ணா, பிரீமியம் கொழுத்துக் கிடந்தது, விற்றேன். எங்கே தப்பு?" என்று நோட்டை நீட்டினார். இந்த ஆண்டில் இதே கணக்கோடு வந்த நான்காவது ஆள் அவர்.

நிஃப்டியின் உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் 20 நாட்களுக்குக் குறித்து, பார்க்கின்சன் முறையில் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டிருந்தார். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட நாள் வீச்சு, வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால், 0.8 சதவீதம். அதை 1.665ஆல் வகுத்தால் 0.48 வரும், ஆண்டுக்கு மாற்றினால் 7.6 சதவீதம். ஆப்ஷன் விலையில் பொதிந்திருந்த ஏற்ற இறக்கமோ 12. கிட்டத்தட்ட நாலரைப் புள்ளி அதிகம் என்று, ஒரே விலையில் கால், புட் இரண்டும் சேர்ந்த ஸ்ட்ராடிலை விற்றுவிட்டார்.

வகுத்தலில் பிழை இல்லை. அவர் எதை எதோடு ஒப்பிட்டார் என்பதில்தான் பிழை. சந்தை காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுகிறது. பார்க்கின்சன் கணக்கு அந்த ஆறேகால் மணி நேரத்தை மட்டுமே பார்க்கிறது. நீங்கள் விற்ற ஆப்ஷனோ மீதி பதினேழே முக்கால் மணி நேரத்துக்கும் சேர்த்தே விலை பெற்றிருக்கிறது. இரவில் அமெரிக்கச் சந்தை சரிந்தால், மறுநாள் நம் சந்தை திறக்கும்போதே அடி விழுந்திருக்கும். அந்தத் தாவல் எந்த நாளின் வீச்சிலும் பதிவாகாது. "வீச்சுக் கணக்கு நுட்பமானது, அதனால் அதுவே முழு உண்மை" என்ற எண்ணத்தை தயவுசெய்து விடுங்கள். குறைந்த நாட்களிலேயே நிலையான விடை தருவது அதன் பலம். ஆனால் இரவு அதன் கண்ணில் படுவதே இல்லை.

முந்தைய நாள் முடிவு விலைக்கும் மறுநாள் தொடக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் நோட்டிலேயே எழுத வைத்தேன். இரவுத் தாவல் 0.6 சதவீத அளவில் இருந்தது. பகலின் 0.48, இரவின் 0.6 இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நாளுக்கு 0.77, ஆண்டுக்கு 12.2. கொழுத்ததாகத் தெரிந்த பிரீமியம் நியாய விலைக்கு வந்துவிட்டது. யாங், ஜாங் இருவரின் முறையும் இரவையும் பகலையும் இப்படித் தனித்தனியே அளந்துதான் சேர்க்கிறது.

அப்படியானால் முடிவு விலைகளை மட்டும் வைத்த பழைய கணக்கே போதுமா என்று கேட்டார். அதில் இரவு அடங்கும், ஆனால் 20 நாட்களில் அதன் பிழை வழக்கமாக ஆறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். 12 என்று வந்தால் 10ஆகவும் இருக்கலாம், 14ஆகவும் இருக்கலாம். பகலில் ஆடிவிட்டு, முந்தைய நாள் முடிந்த இடத்திலேயே முடிந்த நாளை அது அமைதியான நாள் என்று சொல்லிவிடும்.

ஆகவே இரண்டையும் போடுங்கள். முடிவு விலைக் கணக்கு பகல் வீச்சுக் கணக்கைவிட மிக உயர்ந்திருந்தால், முதலில் இரவுத் தாவல்களைத் தேடுங்கள். அதிகம் வர்த்தகமாகாத பங்குகளில் உண்மையான உச்சமும் தாழ்வும் பதிவாகாமல் வீச்சு குறைத்தே காட்டும், அங்கே இன்னும் கவனம் வேண்டும். வார இறுதியைத் தாண்டி விற்ற நிலையை வைத்திருப்பவர்கள், திங்கட்கிழமைத் தாவல்களைத் தனியாக எழுதிப் பார்த்த பிறகே விலை மலிவா, அதிகமா என்று சொல்லுங்கள்.